பக்கம் திரும்பும் இடத்தில் உடையும் கணக்கு

அரசுக் கட்டட வேலை ஒன்றின் ஒப்பந்தப் புத்தகம் இருநூறு பக்கம் ஓடுவது சாதாரணம். டெண்டர் அறிவிப்பு, பொது நிபந்தனைகள், பொருட்களின் தரம் பற்றிய விவரக்குறிப்புகள், வரைபடப் பட்டியல் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் பில் போடுகிறவரும் தணிக்கைக்கு வருகிறவரும் நேராகப் புரட்டிப் போவது நடுவில் உள்ள பதினைந்து இருபது பக்கங்களுக்குத்தான். என்ன வேலை, எவ்வளவு அளவு, ஒரு அலகுக்கு என்ன ரேட், மொத்தம் எத்தனை ரூபாய் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது. பொதுப்பணித் துறை வட்டாரத்தில் அதை ஷெட்யூல் ஏ என்பார்கள். தனியார் கம்பெனிகளில் பி.ஓ.க்யூ.

இந்தப் பட்டியல் ஒரு காலத்தில் யாரோ கணினியில் அடித்ததுதான். பிறகு அச்சாகி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தைத்து, அலமாரியில் ஏறிவிட்டது. மூலக் கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சியிருப்பது ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அதாவது, பக்கங்களின் புகைப்படம். அதிலுள்ள பட்டியலை மறுபடி எக்செல் தாளாக மாற்ற வேண்டும்.

எழுத்தைப் படிப்பது இன்று பெரிய வேலை இல்லை. ஹியூலட் பேக்கர்டின் ஆய்வகத்தில் 1985-இல் தொடங்கி, 2005-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட டெசரேக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளே சுத்தமான அச்செழுத்தை நன்றாகப் படித்துவிடும். சிக்கல் எழுத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ‘6,790’ என்று சரியாகப் படித்த எண் எந்த வேலையின் ரேட் என்பதில் தவறினால், சரியாகப் படித்ததால் ஒரு பயனும் இல்லை. அந்தத் தவறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நேர்கிறது: பட்டியல் ஒரு பக்கத்தில் முடியாமல் அடுத்த பக்கத்துக்கு ஓடும் இடத்தில், பல வரிசைகளுக்குப் பொதுவாக ஒரே பெரிய கட்டம் போட்டிருக்கும் இடத்தில். இரண்டும் ஒன்றாக வந்து சேரும் இடம் இன்னும் மோசம்.

ஒரு மாதிரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. அமைப்பு மட்டும் இத்தகைய ஒப்பந்தங்களில் அன்றாடம் காண்பது. உண்மையான ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே தமிழில் சொல்லலாம்.

பக்கம் 118-இன் அடியில் 14-ஆம் ஐட்டம் தொடங்குகிறது. ‘சிமெண்ட் கலவை 1:6-இல் சூளைச் செங்கல் கட்டு வேலை, ஆட்கூலி உட்பட’ என்று நான்கைந்து வரியில் விவரம். அதற்குக் கீழே மூன்று துணை ஐட்டங்கள், தளம் மாறினால் ரேட் மாறும் என்பதால். ‘ஏ’ அஸ்திவாரம்: 42.50 கன மீட்டர், ரேட் 6,480, தொகை 2,75,400. ‘பி’ தரைத்தளம்: 61.20 கன மீட்டர், ரேட் 6,790, தொகை 4,15,548. ‘சி’ முதல் தளம்: 38.40 கன மீட்டர், ரேட் 7,100, தொகை 2,72,640. வரிசை எண் 14-உம் விவரமும் மூன்றுக்கும் பொதுவான, இணைத்த கட்டங்களில் ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கின்றன.

‘ஏ’ மட்டும்தான் பக்கம் 118-இல் இடம் பிடித்தது. ‘பி’யும் ‘சி’யும் 119-க்குப் போய்விட்டன. அங்கே அவற்றின் இடப்பக்கம் வரிசை எண்ணும் இல்லை, செங்கல் பற்றிய பேச்சும் இல்லை. வெறும் கட்டங்கள்.

அதே 119-ஆம் பக்கத்தில் 15-ஆவது ஐட்டம், பூச்சு வேலை: 640 சதுர மீட்டர், ரேட் 285, தொகை 1,82,400. அடுத்து 16, தற்காலிகக் கொட்டகை. அதற்கு அளவும் ரேட்டும் கிடையாது; மொத்தமாக 75,000 ரூபாய் என்று பேசி முடித்தது. கடைசியாக 17, தரைக்கு ஓடு பதிக்கும் வேலை. விவரத்தின் முதல் மூன்று வரி பக்கத்தின் அடியில். மீதி இரண்டு வரியும், அவற்றுக்கு நேராக 310 சதுர மீட்டர், ரேட் 1,240, தொகை 3,84,400 என்ற எண்களும் 120-ஆம் பக்கத்தின் தலையில்.

இப்போது காலிக் கட்டங்களை மட்டும் பார்த்தால் போதும். 14-பிக்கு இடப்பக்கம் இருக்கும் காலி, மேலே சொன்னது எனக்கும் பொருந்தும் என்கிறது. கொட்டகையின் அளவுப் பத்தியில் இருக்கும் காலி, இங்கே ஒன்றுமே கிடையாது என்கிறது. 120-ஆம் பக்கத்தின் முதல் வரிசையில் எண் இல்லாத காலி, நான் தனி ஐட்டமே இல்லை, முன் பக்கத்து ஐட்டத்தின் வால் என்கிறது. கேமராவுக்கு மூன்றும் ஒரே வெள்ளை. இந்த மூன்றையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. மற்றதெல்லாம் அதற்கான தயாரிப்பு.

பலரும் முதலில் செய்வது, காலியாக இருக்கும் கட்டத்தில் மேலே உள்ளதையே நிரப்பிவிடுவது. எக்செலில் கையால் செய்வார்கள். பைத்தான் தெரிந்தவர்கள் பாண்டாஸ் நூலகத்தின் `ffill` கட்டளையால் ஒரே வரியில் முடிப்பார்கள். ஒரு பக்கத்துக்குள் முழுதாக அடங்கிய பட்டியலில் இது பெரும்பாலும் சரியாகவே வரும். நம் பட்டியலில் என்ன ஆகும் என்று பாருங்கள். பக்கம் பக்கமாக நிரப்பினால் 14-பிக்கு மேலே இருப்பது பட்டியலின் தலைப்பு வரிசை. ஆகவே வரிசை எண் கட்டத்தில் ‘வரிசை எண்’ என்ற சொல்லே போய் உட்காரும், விவரக் கட்டத்தில் ‘வேலையின் விவரம்’. இது கண்ணில் பட்டுவிடும், பிழைத்தோம். கொட்டகையின் கதை வேறு. மேலே உள்ள பூச்சு வேலையின் 640 சதுர மீட்டரும் 285 ரூபாயும் கொட்டகைக்கு இறங்கிவிடும். பார்க்க ஒழுங்கான வரிசைபோலவே இருக்கும்.

ஆகவே நிரப்புவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆரம்பம் படத்திலிருந்து.

ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் படம் 2,480 புள்ளி அகலமும் 3,508 புள்ளி உயரமும் இருக்கும். தாள் ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் போவதற்குள் கோடு 43 புள்ளி மேலே ஏறியோ கீழே இறங்கியோ விடும். பத்துப் புள்ளி எழுத்தின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது, கண்ணுக்கு நேராகத் தெரிகிற பக்கத்தில்கூட, விவரத்துக்கு நேராக வர வேண்டிய தொகை ஒரு வரி தள்ளிப் போய்விடலாம். சாய்வைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. ஸ்கேனர்கள் தாமே செய்வதாகச் சொல்லும். ஆனால் தைத்த புத்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து எடுத்த பக்கத்தில் சாய்வு ஒரே சீராக இருக்காது. தையல் ஓரம் வளைந்து நிழலில் மூழ்கியிருக்கும். வரிசை எண் பத்தி இருப்பது சரியாக அந்த ஓரத்தில்தான். எந்தப் பத்தி இல்லாமல் ஒட்டுவேலை நடக்காதோ, அதுவே முதலில் மங்கிப் போகிறது. முடிந்தால் தையலைப் பிரித்துத் தாள்தாளாக ஸ்கேன் செய்வது, பின்னால் எந்த மென்பொருளும் செய்து தர முடியாத உதவி.

அடுத்து கோடுகள். கட்டம் போட்ட பட்டியலில் கிடைக்கோடுகளையும் நிலைக்கோடுகளையும் மட்டும் படத்திலிருந்து பிரித்தெடுக்க ஓப்பன்சிவி போன்ற நூலகங்களில் வழி இருக்கிறது. நீண்டு மெலிந்த ஒரு சல்லடையைப் படத்தின்மேல் ஓட்டினால் எழுத்துகள் உதிர்ந்து கோடுகள் மட்டும் மிஞ்சும். எல்லாக் கோடுகளையும் முழு நீளத்துக்கு நீட்டி, மிகச் சிறிய கட்டங்கள் கொண்ட ஒரு வலையைக் கற்பனையில் அமைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டுக்கும் நடுவே படத்தில் உண்மையிலேயே கோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. கோடு இல்லையென்றால் அவை இரண்டும் ஒரே கட்டம். 14-ஆம் ஐட்டத்தின் விவரக் கட்டம் எத்தனை துணை வரிசைகளை அணைத்து நிற்கிறது என்பது இப்படித்தான் தெரியவரும்.

இதை விட்டுவிட்டு வரிவரியாகப் படித்தால் நடக்கும் குளறுபடி வேடிக்கையானது. இணைத்த கட்டத்தில் எழுத்தை நட்டநடுவில் வைப்பது பலரது வழக்கம். மூன்று துணை ஐட்டங்களும் ஒரே பக்கத்தில் இருந்தால், ‘14’ என்ற எண் நடுவில் உள்ள ‘பி’க்கு நேராக வந்து நிற்கும். வரிவரியாகப் படிக்கும் ஓசிஆருக்கு 14-ஆவது ஐட்டம் ‘பி’யில் தொடங்குகிறது. ‘ஏ’ அநாதையாகி, மேலே உள்ள 13-உடன் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து கீழே நிரப்பும் கட்டளை கொடுத்தால் அந்தத் தவறு உறுதியாகிவிடும். அஸ்திவாரச் செங்கல் வேலை, 13-ஆம் ஐட்டமான கான்கிரீட்டின் ஒரு பகுதியாகக் கணக்கில் ஏறும்.

கோடுகளை நம்புவதிலும் எல்லை உண்டு. ஜெராக்ஸின் ஜெராக்ஸில் மெல்லிய கோடுகள் துண்டு துண்டாக மறைந்துபோகும். அப்போது இணையாத கட்டங்கள் இணைந்ததாகத் தெரியும். ஒப்பந்ததாரரின் நீளமான கையெழுத்தும் முத்திரையின் விளிம்பும் இல்லாத கோடுகளை உண்டாக்கும். முழுக் கோடு வேண்டும் என்று அடம்பிடிக்காமல், அந்த இடத்தின் நீளத்தில் பாதிக்கு மேல் கருமை இருந்தால் கோடு உண்டு என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். அப்படியும் சந்தேகம் வந்தால் உள்ளே இருக்கும் எழுத்தைப் பார்க்கலாம். இணைந்ததாகச் சொல்லப்படும் கட்டத்துக்குள் இரண்டு தொகைகள், பக்கத்துப் பத்தியின் இரண்டு வரிசைகளுக்கும் நேர் நேராக நின்றால், நடுவில் இருந்த கோடு அழிந்துவிட்டது என்று அர்த்தம். அளவு, ரேட், தொகை ஆகிய மூன்று பத்திகளில் ஒரு கட்டத்துக்கு ஒரு எண்தான் இருக்க முடியும். இந்தச் சின்ன விதி பல பொய் இணைப்புகளைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

கோடுகளைத் தேடாமல், பட்டியல்களின் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருளிடம் வேலையை விடும் வழியும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட பப்டேபிள்ஸ்-1எம் என்ற தொகுப்பில் ஏறக்குறைய பத்து லட்சம் பட்டியல்கள் இருக்கின்றன. அதைத் தயாரித்தபோது அவர்கள் முட்டிக்கொண்ட விஷயம் இங்கே கவனிக்கத் தக்கது. முந்தைய தொகுப்புகளில் இணைத்த கட்டங்கள் பல, ஒரு கட்டமும் சில காலிக் கட்டங்களுமாகச் சிதறிக் குறிக்கப்பட்டிருந்தன. சரியான விடை என்று மென்பொருளுக்குக் காட்டப்பட்டதிலேயே காலி எது, இணைப்பு எது என்ற குழப்பம் இருந்தது. அவற்றை ஒரே சீராக்கத் தனியே ஒரு முறையை அவர்கள் வகுக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல்கள் அறிவியல் கட்டுரைகளில் வந்தவை, அதிலும் நேராகக் கணினிக் கோப்பிலிருந்து எடுத்தவை. தையல் ஓரமும் முத்திரையும் சாய்வும் அவற்றுக்குத் தெரியாது. ஒப்பந்தப் பட்டியலில் அவை தடுமாறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி பக்கங்களை ஒட்டும் வேலை. 118-இல் முடிந்ததும் 119-இல் தொடங்குவதும் ஒரே பட்டியல்தானா? பத்திகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். பட்டியலின் மொத்த அகலத்தில் ஒவ்வொரு பத்தியும் பிடித்திருக்கும் பங்கும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். புள்ளிக் கணக்கில் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். ஒரு பக்கம் கொஞ்சம் இடம் தள்ளி ஸ்கேன் ஆகியிருக்கும். விகிதத்தில் ஒப்பிட்டால் நிற்கும். முந்தைய பக்கத்துப் பட்டியல் தாளின் அடிவரை வந்திருக்க வேண்டும், அடுத்தது உச்சியிலிருந்து தொடங்க வேண்டும், நடுவே புதுத் தலைப்போ பத்தி எழுத்தோ இருக்கக் கூடாது. தலைப்பு வரிசை மறுபடி வந்தால் அதே பட்டியல் என்பதற்கு அது நல்ல சாட்சி. வராவிட்டால் வேறு பட்டியல் என்று சொல்லிவிட முடியாது. வேர்டில் தலைப்பைப் பக்கந்தோறும் காட்டும் வசதியை முடுக்கினால்தான் அது வரும், பலர் முடுக்குவதில்லை.

ஒரே பட்டியல் என்று தெரிந்த பிறகு, நீக்க வேண்டியதை நீக்க வேண்டும். திரும்ப வந்த தலைப்பு வரிசை, அடியிலுள்ள பக்க எண், கையெழுத்துகள். அவற்றோடு இன்னும் இரண்டு வரிசைகள் இருக்கின்றன. பக்கத்தின் அடியில் ‘அடுத்த பக்கத்துக்கு’ என்று ஒரு தொகை, உச்சியில் ‘முன் பக்கத் தொகை’ என்று அதே தொகை. கணக்குப் பிள்ளைகளின் பழைய வழக்கம் இது. நம் பட்டியலில் 118-இன் அடியில் 33,84,050 என்றும், 119-இன் அடியில் 43,29,638 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவை ஐட்டங்கள் அல்ல. ஆனால் தொகைப் பத்தியில் கம்பீரமாக நிற்பதால் மென்பொருள் இவற்றையும் வரிசைகளாக எண்ணிக்கொள்ளும்.

எண்ணிக்கொண்டது எப்படித் தெரியும்? 119-ஆம் பக்கத்தின் தொகைப் பத்தியை அப்படியே கூட்டினால் 86,59,276 வரும். அது 43,29,638-இன் சரியான இரட்டிப்பு. தற்செயல் இல்லை. முன் பக்கத் தொகையோடு இந்தப் பக்கத்து ஐட்டங்களைக் கூட்டியதுதான் அடியில் எழுதிய தொகை. அதையும் சேர்த்துக் கூட்டினால் இரட்டிப்பாகத்தானே வரும். ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகை அதன் கடைசி எண்ணின் இரு மடங்காக இருந்தால், கொண்டுவந்த தொகையும் கொண்டுசெல்லும் தொகையும் உள்ளே நுழைந்துவிட்டன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஐட்டங்களிலிருந்து நீக்க வேண்டும் என்றால் தூக்கி எறிய வேண்டும் என்று பொருள் அல்ல. இந்த இரண்டு வரிசைகளையும் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன் பட்டியலில் இவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்கேனர் இரண்டு தாளைச் சேர்த்து இழுத்துவிட்டால், ஒரு பக்கத்தின் அடித்தொகையும் அடுத்ததின் உச்சித்தொகையும் பொருந்தாது. பக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் அப்படியே. 118-இன் அடியில் 33,84,050, 119-இன் உச்சியிலும் 33,84,050 என்றால் நடுவில் எதுவும் தொலையவில்லை. பிறகு ஐட்டங்களைக் கூட்டிப் பார்க்கலாம். 14-பி 4,15,548, 14-சி 2,72,640, பூச்சு 1,82,400, கொட்டகை 75,000, மொத்தம் 9,45,588. முன் பக்கத் தொகையோடு சேர்த்தால் 43,29,638. அடியில் எழுதியிருப்பதும் அதுவே. அந்தப் பக்கத்தின் தொகைப் பத்தியை ஓசிஆர் சரியாகப் படித்திருக்கிறது. 17-ஆம் ஐட்டத்தின் தொகை அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததல்ல என்பதும் கூடவே உறுதியாகிறது.

அந்த 17-ஐ எப்படி ஒட்டுவது? பக்க எல்லையில் கோடு இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. வேர்ட் போன்ற மென்பொருள்கள் ஒரு வரிசை நடுவில் உடைந்தாலும், முழுதாக முடிந்தாலும், பக்கத்தின் அடியில் ஒரு கோட்டைப் போட்டுப் பட்டியலை மூடிவிடும். பார்க்க வேண்டியது எண்களை. 120-இன் முதல் வரிசைக்கு வரிசை எண் இல்லை, எண்கள் இருக்கின்றன. 119-இன் முதல் வரிசையான 14-பியும் அப்படியேதான்: வரிசை எண் இல்லை, எண்கள் உண்டு. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஒன்று தனி ஐட்டம், மற்றொன்று வால். வித்தியாசம் முந்தைய பக்கத்தில் இருக்கிறது. 14-ஏவுக்கு அளவு, ரேட், தொகை மூன்றும் முழுதாக இருக்கின்றன; அது முடிந்துபோன வரிசை. ஆகவே அடுத்து வருவது புதிய வரிசை. 17-இன் தலைப்பகுதிக்குத் தொகையே இல்லை. ஆகவே அடுத்து வருவது அதன் மீதி. தலையையும் வாலையும் சேர்த்தால் ஒரே ஒரு தொகை இருக்க வேண்டும் என்பதுதான் விதி. இரண்டிலும் தொகை இருந்தால் ஒட்டக் கூடாது. இரண்டிலும் இல்லையென்றால் மனிதர் பார்க்க வேண்டும்.

எண்களைக் கட்டத்தின் மேற்பகுதியில் எழுதும் பட்டியலில் இது தலைகீழாக இருக்கும். எண்கள் முந்தைய பக்கத்திலேயே இருந்துவிடும், வாலில் வெறும் இரண்டு வரி விவரம் மட்டும் வரும். அதே விதி அங்கேயும் செல்லும். முழுப் பட்டியலும் ஒரே வழக்கத்தில்தான் அடிக்கப்பட்டிருக்கும் என்பதால், உடையாத ஐட்டங்களில் எண் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டால், உடைந்த ஐட்டத்தில் எந்தப் பாதியில் எண்ணைத் தேடுவது என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் முடிந்து, இருபது பக்கமும் ஒரே நீளப் பட்டியலாக ஆன பிறகுதான் நிரப்பும் வேலை. அதுவும் வரிசை எண், விவரம் ஆகிய இரண்டு பத்திகளில் மட்டும். அளவு, ரேட், தொகைப் பத்திகளில் நிரப்புவதே கூடாது. அங்கே காலி என்றால் காலிதான். வரிசையை மாற்றி, முதலில் நிரப்பிவிட்டுப் பிறகு ஒட்டினால் தலைப்புச் சொற்களும் கொண்டுவந்த தொகையும் ஐட்டங்களுக்குள் கசிந்துவிடும். பாதிக் கோளாறுகள் இந்த முன்பின் மாற்றத்தால் வருபவை.

நிரப்பிய மதிப்பையும் ஆவணத்தில் உண்மையாக எழுதியிருந்த மதிப்பையும் வேறுபடுத்தி வைப்பது நல்லது. ‘14’ என்ற எண் ‘ஏ’யின் பக்கத்தில் அச்சில் இருந்தது, ‘பி’க்கு நாம் கொடுத்தது. பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து இதைக் குறித்துவிட்டால், பின்னால் தகராறு வரும்போது எது ஒப்பந்தம் சொன்னது, எது நாம் ஊகித்தது என்று காட்ட முடியும்.

வரிசைக்கு வரிசை ஒரு பெருக்கலும் போட்டுப் பார்க்க வேண்டும். அளவு × ரேட் = தொகை. 61.20 × 6,790 = 4,15,548, பொருந்துகிறது. முன்னே சொன்னபடி கொட்டகைக்குப் பூச்சு வேலையின் எண்கள் இறங்கியிருந்தால் 640 × 285 = 1,82,400 வரும்; எழுதியிருப்பதோ 75,000. அங்கேயே சிக்கிக்கொள்ளும். ரேட்டை எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் ஒப்பந்தங்களில் மூன்றாவது சாட்சியும் கிடைக்கிறது. ஓசிஆர் 6-ஐ 8 என்று படிக்கலாம். ‘ஆறாயிரத்து’ என்பதை ‘எட்டாயிரத்து’ என்று படிப்பது அரிது.

ஆனால் கணக்கு எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்லாது. 14-பி தவறிப் போய் 13-உடன் ஒட்டிக்கொண்டாலும் கூட்டுத்தொகை மாறாது. பெருக்கலும் பொருந்தும். எண்கள் எல்லாம் சரி, ஐட்டம் மட்டும் தவறு. எம்.புக்கில் அளவு ஏற்றிப் பகுதி பில் போடும்போது, தரைத்தளச் செங்கல் வேலைக்கு ஒப்பந்தத்தில் ரேட்டே இல்லை என்று யாராவது சொல்லும்வரை இது வெளியே வராது. இதைப் பிடிக்கக் கணக்கை விட்டுவிட்டு ஒழுங்கைப் பார்க்க வேண்டும்: 14-ஏவுக்குப் பின் பி, பிக்குப் பின் சி, பிறகு 15. ஒன்று தாவினாலோ இரண்டு முறை வந்தாலோ நிற்க வேண்டும். துணை ஐட்டங்களுக்கு எழுத்தே போடாமல் ‘தரைத்தளம்’, ‘முதல் தளம்’ என்று மட்டும் விட்டிருந்தால், தளங்களின் வரிசையும் அலகும்தான் துணை. கன மீட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஐட்டத்தின் கீழ் திடீரென்று சதுர மீட்டர் வந்தால் ஒட்டு தவறியிருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாப் பரிசோதனையும் தாண்டி மனிதக் கண்ணுக்கு விட வேண்டியது எது? நானூறு வரிசைகளையும் ஒருவர் மூலத்தோடு ஒப்பிடுவது நடக்காது; பத்தாவது பக்கத்தில் கண் அயர்ந்துவிடும். ஆனால் இருபது பக்கப் பட்டியலில் பக்கம் திரும்பும் இடங்கள் பத்தொன்பதுதான். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பட்டையையும், அடுத்த பக்கத்தின் முதல் பட்டையையும் படத்திலிருந்து வெட்டி, ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டி, பக்கத்தில் மென்பொருள் எடுத்த முடிவையும் வைத்துக் காட்டினால், பத்தொன்பதையும் பார்த்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். இந்த ஒரு வசதியைச் செய்து கொடுக்காத திட்டங்களில், சரிபார்க்கிறவர் இரண்டு பக்கங்களுக்கு இடையே மேலும் கீழும் ஓடி ஓடிச் சலித்து, கடைசியில் எல்லாவற்றுக்கும் ‘சரி’ போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கையால் திருத்திய ரேட்டுகளும் மனிதருக்கே. பேச்சுவார்த்தையில் ரேட் குறைந்தால், அச்சிட்ட எண்ணை அடித்துவிட்டு மேலே பேனாவால் எழுதிச் சுருக்கொப்பமிடுவது வழக்கம். ஓசிஆர் அடித்ததையும் படிக்கும், எழுதியதையும் படிக்க முயலும். சில சமயம் இரண்டையும் சேர்த்து எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுக்கும். பெருக்கல் அதைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் எது செல்லும் என்று சொல்லாது.

கூட்டவோ பெருக்கவோ எதுவும் இல்லாத பட்டியல்களில் பாடு இன்னும் அதிகம். பணம் எந்தெந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் தரப்படும் என்ற பட்டியல் என்றால் கூட்டினால் நூறு வர வேண்டும். வேலை முடிக்கும் தேதிகள் என்றால் முன்பின்னாக இருக்கக் கூடாது. ஒப்புக்கொண்ட கம்பெனித் தயாரிப்புகளின் பட்டியல் வேறு மாதிரி. ‘குழாய்கள்’ என்ற ஒரே இணைத்த கட்டத்துக்கு எதிரே பத்துக் கம்பெனிப் பெயர்கள், ஏழாவதில் பக்கம் திரும்புகிறது, எட்டாவதிலிருந்து குழாயா வால்வா என்று எந்தக் கணக்கும் சொல்லாது. அத்தகைய பட்டியலில் பக்க எல்லைக்குப் பின் வரும் வரிசைகளை, ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை ‘உறுதியாகவில்லை’ என்றே வைத்திருப்பதுதான் நேர்மையான வழி.

ஒவ்வொரு வரிசையோடும் அது எந்தப் பக்கத்தில், பக்கத்தின் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் சேமித்தாக வேண்டும். இரண்டு பக்கத்தில் பரவிய 17-ஆம் ஐட்டத்துக்கு இரண்டு இடங்கள். வேலை நடுவில் துணை ஒப்பந்தம் ஒன்று வரும்போது இது கைகொடுக்கும். ‘ஐட்டம் 14-பியின் அளவு 61.20-லிருந்து 74.00 கன மீட்டராக மாற்றப்படுகிறது’ என்று அதில் ஒரே ஒரு வரி இருக்கும். முதல் ஒப்பந்தத்தின் பட்டியலில் அந்த வரிசை 14-பி என்ற பெயரோடு பதிவாகியிருந்தால் அளவு தானாக மாறும், தொகை 5,02,460 ஆகும். வரிசை எண் காலியாகவோ 13-இன் கீழோ கிடந்தால், மென்பொருள் தேடிப் பார்த்துவிட்டு, பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு செங்கல் வேலையைச் சேர்த்துக்கொள்ளும்.